இரவல் ஸ்கூட்டர், பதினாறு வயது ஓட்டுநர், உரிமையாளரின் பொறுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த வழக்கில் நான் வண்டி உரிமையாளரின் வழக்குரைஞராக இருந்தேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய ஊர், தெரு, வழக்கு எண் ஆகியவற்றை நீக்கிவிட்டு, முடிவுகள் எந்தத் தகவலின் அடிப்படையில் எடுக்கப்பட்டன என்பது விளங்கும் அளவுக்கு மட்டும் விவரங்களை வைத்திருக்கிறேன். நான் தவறவிட்டவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் ஒன்றில், ஒரு நகராட்சியின் குடியிருப்புத் தெருவில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. ஒரு வீட்டில் கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கும் 34 வயது இளைஞரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். அவர் பெயரில் 110 சிசி ஸ்கூட்டர் ஒன்று பதிவாகியிருந்தது. மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர். அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தது, சொந்த வண்டி இல்லை. மாதத்தில் நான்கைந்து முறையாவது இந்த ஸ்கூட்டரைத்தான் அவர் இரவல் வாங்குவார். அரிசி மூட்டை, எரிவாயு உருளை, மருத்துவமனை என்று காரணம் மாறும். அவருடைய மகனுக்கு அப்போது 16 வயது நான்கு மாதம். பழகுநர் உரிமம்கூட அவன் எடுத்திருக்கவில்லை.

கியர் இல்லாத வண்டியைப் பதினாறு வயதில் ஓட்டலாம் என்ற எண்ணம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. இரு குடும்பங்களும் அதை நம்பியிருந்தன. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 4-ஆவது பிரிவு பதினாறு வயதானவருக்கு அளிக்கும் விலக்கு 50 சிசிக்கு மேற்படாத என்ஜின் கொண்ட இருசக்கர வண்டிக்கு மட்டுமே உரியது. அதற்கும் உரிமம் வேண்டும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசியைத் தாண்டியவை என்பதால், அந்த விலக்கால் பயனடையும் சிறுவனை நடைமுறையில் காண்பது அரிது. கியர் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இந்த வயது வரம்புக்கும் தொடர்பே இல்லை.

விபத்து நடந்த மாலை

2021 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி அளவில், உரிமையாளர் கடையில் இருந்தபோது எதிர்வீட்டுக்காரர் அவரைக் கைப்பேசியில் அழைத்தார். "தம்பி, வண்டி கொஞ்சம் வேணும், பையனை அனுப்புறேன்" என்று அவர் சொன்னதாகவும், தான் "வீட்டுல சொல்லிடுறேன் அண்ணே" என்று பதில் சொன்னதாகவும் உரிமையாளர் பின்னர் சாட்சியம் அளித்தார். உடனே அவர் மனைவியை அழைத்துச் சாவியைக் கொடுக்கச் சொன்னார். சில நிமிடங்களில் வாசலுக்கு வந்த பையன் சாவியை வாங்கிக்கொண்டான்.

அவன் வாசலில் என்ன சொன்னான் என்பதுதான் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கின் நடுப்புள்ளி ஆயிற்று. "அப்பா சாவி வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றானா, "அப்பா வண்டி எடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றானா? பேச்சில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் இந்த வித்தியாசம், சட்டத்தின் பார்வையில் சாவியைத் தந்தையிடம் சேர்ப்பிக்கக் கொடுத்ததற்கும் வண்டியை ஓட்டச் சிறுவனிடம் ஒப்படைத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஆகும்.

தந்தை அன்று சந்தையில் இருந்தார். வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். பையன் ஸ்கூட்டரைக் கிளப்பி அங்கே போகும் வழியில், பேக்கரி ஒன்றின் எதிரே சாலையைக் கடந்துகொண்டிருந்த 48 வயதுப் பெண்ணின் மீது மோதினான். தையல் தொழிலாளியான அந்தப் பெண்ணுக்கு வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. பையனுக்கு மணிக்கட்டில் முறிவு.

மாற்றிச் சொன்ன கதை

மருத்துவமனையில், காயமடைந்த பெண்ணின் மகள் சொன்னதை வைத்து, "ஒரு பையன் ஓட்டி வந்த இருசக்கர வாகனம் மோதியது" என்று விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டது. விபத்து நடந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுதப்பட்ட இந்த வரி பின்னால் எல்லாரையும்விட உறுதியாக நின்றது.

அன்று இரவு எதிர்வீட்டுக்காரர் உரிமையாளரிடம் வந்தார். பையனின் வாழ்க்கை போய்விடும், தானே ஓட்டியதாகச் சொல்லிவிடுகிறேன், தன்னிடம் உரிமம் இருப்பதால் காப்பீட்டு நிறுவனமும் பணம் கொடுத்துவிடும், அடிபட்ட அம்மாவுக்கும் நல்லது என்றார். உரிமையாளர் தயங்கினாலும் ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் பதிவான முதல் தகவல் அறிக்கையில் தந்தையின் பெயரே ஓட்டுநராக வந்தது. "நான் இன்னாருக்கு வண்டியை இரவல் கொடுத்தேன், அவர்தான் ஓட்டினார்" என்ற வாக்குமூலம் உரிமையாளர் பெயரிலும் பதிவானது.

விபத்து வழக்குகளில் இப்படி ஆள் மாற்றிக் கொடுப்பது புதிதல்ல, அதில் இரக்கமும் கலந்திருப்பதுண்டு. ஆனால் அன்று உரிமையாளரிடம் ஒரு நல்ல உண்மை கையில் இருந்தது: உரிமம் உள்ள, வயது வந்த ஒருவர் கேட்டதற்காகவே அவர் வண்டியைக் கொடுத்தார். பொய் வாக்குமூலத்தால் அவர் இழந்தது இந்த உண்மையைச் சொல்லி நம்பப்படும் தகுதியை.

கதை கலைந்த விதம்

காப்பீட்டு நிறுவனம் அமர்த்திய புலனாய்வாளர் மூன்று வேலைகள் செய்தார். விபத்துப் பதிவேட்டின் நகலைப் பெற்றார். பேக்கரியின் கண்காணிப்புக் கேமராப் பதிவை அது அழிவதற்குள் வாங்கிவைத்தார். பையனின் பள்ளிச் சான்றிதழிலிருந்து பிறந்த தேதியை எடுத்தார். பதிவில் முகம் தெளிவாக இல்லை, ஆனால் ஓட்டியது ஒல்லியான சிறுவன் என்பதும் பின்னால் யாரும் இல்லை என்பதும் தெரிந்தன. மணிக்கட்டு முறிவுக்கு அதே இரவு பையனுக்குச் சிகிச்சை நடந்திருந்த விவரம் மீதியைச் சொன்னது. நிறுவனத்தின் புகாரின் பேரில் காவல் துறை வழக்கைத் திருத்தியது. சிறுவன் மீதான குற்றச்சாட்டு இளைஞர் நீதிக் குழுமத்துக்கும், தந்தை மற்றும் உரிமையாளர் மீதான குற்றச்சாட்டு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கும் சென்றன.

தீர்ப்பாய அறிவிப்பும் வராத பதிலும்

காயமடைந்த பெண் 2021 ஆகஸ்டில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் செய்தார். செப்டம்பரில் உரிமையாளருக்கு அறிவிப்பு வந்தது. அவர் அதைத் தமக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்த முகவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "இன்சூரன்ஸ்தான் கட்டும், நீங்க போகத் தேவையில்லை" என்று முகவர் சொன்னதை நம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். டிசம்பரில், அவர் ஆஜராகாததால், தீர்ப்பாயம் அவரை ஒருதலைப்பட்சமாக வைத்து வழக்கை நடத்தத் தொடங்கியது. இடையில், ஓட்டியவரின் உரிமத்தை அளிக்குமாறு காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குரைஞர் பதிவு அஞ்சலில் அனுப்பிய கடிதத்துக்கும் அவர் பதில் எழுதவில்லை.

இத்தகைய வழக்குகளில் உரிமையாளர் தோற்பதற்கு நான் மிகுதியாகக் காணும் காரணம் இதுதான். காயமடைந்தவருக்குப் பணம் கொடுப்பது வரைக்கும் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் ஒரே பக்கம் நிற்பதுபோலத் தோன்றும். உரிமம் பற்றிய கேள்வி எழுந்த கணத்திலேயே நிறுவனம் உரிமையாளருக்கு எதிர்த்தரப்பு ஆகிவிடுகிறது. நிறுவனத்தின் வழக்குரைஞர் தமக்காகவும் வாதாடுவார் என்று காத்திருக்கும் உரிமையாளர், தமக்கு எதிராக வாதாடுபவருக்காகக் காத்திருக்கிறார்.

அவர் என்னிடம் வந்தது 2022 ஏப்ரலில். அப்போதும் தீர்ப்பாய அறிவிப்பைக் கொண்டுவரவில்லை. நடுவர் நீதிமன்றத்தின் அழைப்பாணை வந்த பிறகுதான் பயந்து வந்தார். கோப்பைக் கேட்டபோதுதான் இழப்பீட்டு மனு ஒன்று நிலுவையில் இருப்பதையே சொன்னார்.

சட்டம் கேட்கும் இரு வேறு கேள்விகள்

முடிவுகளைச் சொல்வதற்கு முன், உரிமையாளரிடம் இரண்டு மன்றங்களும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை என்பதை விளக்க வேண்டும்.

நடுவர் நீதிமன்றத்தில் அவர் மீது இருந்த முக்கியக் குற்றச்சாட்டு, 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 199ஏ பிரிவின் கீழானது. சிறுவர் ஒருவர் மோட்டார் வாகனச் சட்டத்தின்படியான குற்றம் செய்தால் அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார் என்கிறது அந்தப் பிரிவு. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியைச் சிறுவர் பயன்படுத்தியது உரிமையாளரின் ஒப்புதலோடுதான் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ஆனால் அது தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எல்லாம் எடுத்துக்கொண்டோம் என்றோ உரிமையாளர் காட்டினால் தப்பலாம். ஆகவே அங்கே கேள்வி, அந்த மனிதரின் சொந்த அறிவையும் கவனத்தையும் பற்றியது. உரிமம் இல்லாதவர் ஓட்ட அனுமதித்ததற்கான 180-ஆவது பிரிவும் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

தீர்ப்பாயத்தில் நிலைமை வேறு. காயமடைந்தவருக்கு எதிராக "எனக்குத் தெரியாது" என்ற பதில் உரிமையாளருக்கு ஏறக்குறைய பயன்படாது. ஒருவர் தம் சொந்த வேலைக்காக இரவல் வாங்கிய வண்டிக்கு உரிமையாளர் பொறுப்பல்ல என்ற தீங்கியல் வாதத்தை நாங்களும் யோசித்துப் பார்த்தோம். அனுமதியோடு வெளியே போன வண்டிக்கு உரிமையாளரையும் அவருடைய காப்பீட்டையும் பொறுப்பாக்குவதே தீர்ப்பாயங்களின் வழக்கம் என்பதால் அதில் நேரம் செலவிடவில்லை. உண்மையான சண்டை அடுத்த படியில் இருக்கிறது: காப்பீட்டு நிறுவனம் காயமடைந்தவருக்குக் கொடுக்கும் தொகையை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாமா?

இதில் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எதிரெதிராக இழுக்கின்றன. 2004-இல் மூன்று நீதிபதிகள் அளித்த ஸ்வரண் சிங் தீர்ப்பு, ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்று காட்டுவது மட்டும் போதாது, காப்பீட்டு நிபந்தனையை மீறியதில் உரிமையாளரின் கவனக்குறைவு இருந்தது என்பதையும் நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்றது. 2011-இன் ஜவஹர் சிங் தீர்ப்பில், வீட்டுக்கு வந்த உறவுக்காரச் சிறுவன் தமக்குத் தெரியாமல் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துப் போனான் என்று உரிமையாளர் சொல்லியும், உரிமம் இல்லாத சிறுவன் கைக்கு வண்டி போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்று சொல்லி, நிறுவனம் வசூலிக்கும் உரிமை நிலைநிறுத்தப்பட்டது. எங்கள் வழக்கு முதல் தீர்ப்பின் பக்கம் சாயுமா, இரண்டாவதின் பக்கம் சாயுமா என்பது, சாவி யார் கைக்கு எந்தச் சொல்லோடு போனது என்பதைப் பொறுத்தது.

எடுத்த முடிவுகள்

முதல் வேலையாக ஒருதலைப்பட்ச உத்தரவை நீக்கக் கோரி மனு போட்டோம். முகவரை நம்பிய கதையை உறுதியுரையில் உள்ளபடியே எழுதினோம். ஜூலையில், செலவுத்தொகை கட்டும் நிபந்தனையோடு உத்தரவு நீக்கப்பட்டது.

அடுத்த முடிவு கடினமானது. பொய் வாக்குமூலத்தைப் பிடித்துக்கொண்டு "தந்தைதான் ஓட்டினார்" என்று தொடர்வதா, கைவிடுவதா? எதிர்வீட்டுக்காரர் முதல் வழியையே வற்புறுத்தினார். கேமராப் பதிவும் விபத்துப் பதிவேடும் இருக்கும்போது அது நிற்காது என்பது ஒரு காரணம். பொய் என்று தெரிந்த ஒன்றைச் சாட்சியமாகக் கூண்டில் வைக்க வழக்குரைஞராக எனக்கு உரிமை இல்லை என்பது அதற்கு முந்தைய காரணம். உரிமையாளரின் எதிருரையில், காவல் நிலையத்தில் தவறான வாக்குமூலம் கொடுத்ததையும் அதன் காரணத்தையும் ஒப்புக்கொண்டு, வண்டி கொடுக்கப்பட்டது உரிமம் உள்ள தந்தைக்கே என்ற நிலையை எடுத்தோம். அதோடு இரண்டு குடும்பங்களுக்கும் இடையே பேச்சு நின்றது.

மூன்றாவதாக, உரிமையாளரோடு அவருடைய மனைவியையும் சாட்சியாக விசாரிக்கத் தீர்மானித்தோம். சாவியைக் கொடுத்தவர் அவரே என்பதால் அவரை ஒளித்துவைத்தால் தீர்ப்பாயம் அதையே எங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அந்தக் கணிப்பு சரிதான். ஆனால் அவர் என்ன சொல்வார் என்பதை நான் போதிய அளவு நுணுகிக் கேட்டிருக்கவில்லை.

சாட்சிக் கூண்டில்

2023 தொடக்கத்தில் சாட்சியம் பதிவாயிற்று. உரிமையாளர் தம் முதல் விசாரணையில் தெளிவாகவே சொன்னார். தந்தை அழைத்ததற்கான அழைப்புப் பதிவையும் தாக்கல் செய்தோம். அது இன்ன நேரத்தில் இன்ன எண்ணிலிருந்து ஐம்பது விநாடி பேசப்பட்டது என்பதைக் காட்டுமே தவிர, என்ன பேசப்பட்டது என்பதைக் காட்டாது. குறுக்கு விசாரணையில் நிறுவனத்தின் வழக்குரைஞர் இரண்டே கேள்விகளைச் சுற்றி வந்தார். காவல் நிலையத்தில் சொன்னது பொய் என்றால் இங்கே சொல்வது மட்டும் எப்படி உண்மை? தந்தை எதிர்வீட்டில் இருந்திருந்தால் தாமே வந்து சாவி வாங்கியிருக்கலாமே, பையனை அனுப்புகிறேன் என்று அவர் சொன்னபோது "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்" என்று ஏன் கேட்கவில்லை? இரண்டாவது கேள்விக்கு உரிமையாளரிடம் பதில் இல்லை. வீட்டில்தான் இருக்கிறார் என்று நினைத்தேன் என்றார்.

அடுத்து அவருடைய மனைவி. பையன் என்ன சொல்லிச் சாவி கேட்டான் என்ற கேள்விக்கு அவர் ஒரு நொடி யோசித்து, வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னதாகத்தான் சொன்னான் என்றார். பையன் இதற்கு முன் இந்த வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டபோது, தெருவுக்குள் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன் என்றார். நேர்மையான சாட்சி. வழக்கு அந்த இரண்டு பதில்களில் முடிந்துவிட்டது என்று எனக்கு அங்கேயே தோன்றியது.

தீர்ப்பு

2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அந்தப் பெண் கவனமின்றிச் சாலையைக் கடந்தார் என்ற நிறுவனத்தின் வாதம் கேமராப் பதிவைக் கொண்டு நிராகரிக்கப்பட்டது. இழப்பீட்டின் பெரும்பகுதி வருமான இழப்பு. மாத வருமானம் 12,000 ரூபாய் என்று கொண்டு, எதிர்கால உயர்வுக்காக 25 சதவீதம் சேர்த்து 15,000 ஆக்கினார்கள். ஆண்டு வருமானத்தைப் பெருக்க, 48 வயதுக்கு உரிய பெருக்கெண் 13. தையல் இயந்திரத்தைக் காலால் இயக்க முடியாததால் உழைக்கும் திறனில் ஏற்பட்ட குறைவு 20 சதவீதம். அதன்படி 4,68,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி, சிகிச்சைக்காலச் சம்பள இழப்பு முதலியவை சேர்ந்து மொத்தம் 8,32,000 ரூபாய். மனுத் தேதியிலிருந்து 7.5 சதவீத வட்டி.

வசூல் உரிமை பற்றிய பத்தியில் தீர்ப்பாயம் சொன்னதன் சாரம் இது. மனைவி சாவியைக் கொடுத்தது கணவரின் கைப்பேசி உத்தரவின் பேரில். ஆகவே அந்த நேரத்தில் அவர் கணவருக்காகச் செயல்பட்டவர், அவர் அறிந்தது உரிமையாளர் அறிந்ததாகும். வண்டியை எடுத்துச் செல்வது சிறுவன் என்று தெரிந்தே சாவி கொடுக்கப்பட்டது. அவன் முன்பு ஓட்டியதும் அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது. எனவே நிறுவனம் முதலில் காயமடைந்தவருக்குத் தொகையைச் செலுத்திவிட்டு, பிறகு அதே வழக்கில் நிறைவேற்று மனு மூலம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தனியாக உரிமையியல் வழக்குப் போடத் தேவையில்லை.

அந்தப் பெண்ணுக்கு இது நல்ல தீர்ப்பு. 2024 ஜனவரியில் நிறுவனம் வட்டியோடு சுமார் 9 லட்சத்து 83 ஆயிரம் ரூபாயை வைப்புச் செய்தது. உரிமையாளரிடமிருந்து பணம் வருமா என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சுமை முழுவதும் மாதம் 16,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரின் தலைக்கு மாறியது. பையனின் மணிக்கட்டுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் வழியில்லை. அவனே விபத்துக்குக் காரணமானவன், உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துப் பாதுகாப்போ உரிமம் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே உரியது.

பின்னர் நடந்தவை

இளைஞர் நீதிக் குழுமம் சிறுவனுக்கு அறிவுரையும் சமூக சேவையும் விதித்தது. 25 வயது வரை அவன் ஓட்டுநர் உரிமம் பெற முடியாது. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தானது. உரிமையாளர் குற்றவாளியா இல்லையா என்பதை இந்த ரத்து பார்ப்பதில்லை. சிறுவர் குற்றம் செய்த வண்டி என்பதே போதும்.

2024 ஜூனில் நடுவர் நீதிமன்றம் உரிமையாளரை விடுவித்தது. அவர் கடையில் இருந்தார், வயது வந்த உரிமதாரருக்கே ஒப்புதல் தந்தார், வாசலில் நடந்தது அவருக்கு நேரடியாகத் தெரியாது, ஒருவர் அறிந்ததை இன்னொருவர் மீது ஏற்றிக் குற்றத் தண்டனை விதிக்க முடியாது என்பது காரணம். தந்தை தண்டிக்கப்பட்டார்: நீதிமன்றம் கலையும் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

விடுதலைத் தீர்ப்போடு உரிமையாளர் மகிழ்ச்சியாக என் அலுவலகத்துக்கு வந்தார். இனி ஒன்பது லட்சம் கட்ட வேண்டாம் அல்லவா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரே மாலையில் ஒரே வாசலில் நடந்த ஒரே செயல், குற்றவியல் மன்றத்தில் மனைவியின் செயலாகவும் தீர்ப்பாயத்தில் கணவரின் செயலாகவும் பார்க்கப்பட்டது முரண்பாடுபோலத் தோன்றலாம். சட்டத்தின்படி முரண் இல்லை: ஒன்று அவருடைய மனத்தைத் தேடுகிறது, மற்றது அவர் சார்பில் நடந்ததன் விளைவை யார் ஏற்பது என்று பார்க்கிறது. நடுவர் நீதிமன்ற விடுதலை தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் இருந்தது. அதற்கு 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதை முன்வைப்பாகக் கட்ட வேண்டும். மனைவியின் சாட்சியத்துக்குப் பிறகு வாய்ப்புக் குறைவு என்று நான் சொன்னேன், அவர் கைவிட்டார். இப்போது பார்க்கும்போது அந்த அறிவுரையில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தந்தை எங்கே இருந்தார் என்பது அந்தத் தம்பதிக்குத் தெரியும் என்று நிறுவனம் எந்தச் சாட்சியமும் வைக்கவில்லை; எதிர்வாசல் வரை வண்டியைத் தள்ளிப் போகச் சாவி கொடுத்ததாகப் பார்க்க இடமிருந்தது. ஸ்வரண் சிங் தீர்ப்பு நிரூபிக்கும் சுமையை நிறுவனத்தின் மீது வைத்திருக்க, இந்த இடைவெளியை வைத்து வாதாடியிருக்கலாம். வசூல் உத்தரவு நீங்கியிருக்கும் என்று சொல்லவில்லை. வாதாடத் தகுந்ததாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

2024 மார்ச்சில் நிறுவனம் நிறைவேற்று மனு போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் 7,50,000 ரூபாய்க்குச் சமரசம் ஏற்பட்டது, வட்டி கைவிடப்பட்டது, தவணைக்கும் ஒப்புக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் அதில் 3,00,000 ரூபாயைத் தாம் ஏற்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார். அவரை அந்த மேசைக்குக் கொண்டுவர எங்களுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று.

இதே வழக்கு இன்று வந்தால்

உரிமையாளர் முதல் வாரத்திலேயே என்னிடம் வந்திருந்தால், காவல் நிலையத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லியிருப்பேன்: "இன்னார் கேட்டார், பையன் வந்து சாவி வாங்கினான், அவன் ஓட்டிப் போவான் என்று நான் நினைக்கவில்லை." இதே வாக்கியத்தைத் தீர்ப்பாயத்தில் அவர் சொன்னபோது, முன்பு வேறு சொன்னவர் என்ற நிழல் அதன்மேல் விழுந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் மனைவியின் பதிலைக்கூட அந்த வெளிச்சத்தில் வேறு விதமாகப் படிக்க இடமிருந்திருக்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதே வாரம், அதே உண்மையோடு, எழுத்தில் கடிதம் போயிருக்க வேண்டும். முகவரிடம் வாய்மொழியாகச் சொல்வது நிறுவனத்திடம் சொன்னதாகாது.

தந்தையைச் சாட்சியாக அழைப்பதை நான் தவிர்த்தேன். அவர் எங்களுக்கு எதிராகத் திரும்புவார் என்று பயந்தேன். இன்று அழைப்பேன். தாம் சந்தையில் இருந்ததை உரிமையாளரிடம் சொல்லவில்லை என்ற ஒரே உண்மையை அவர் வாயிலிருந்து பெற்றிருந்தால், அவர் மற்ற எல்லாவற்றையும் மறுத்திருந்தாலும் பரவாயில்லை. அவர்களுடைய உரையாடலில் பதிவே இல்லாத அந்த ஐம்பது விநாடிக்கு அவர் ஒருவர்தான் இன்னொரு சாட்சி.

உரிமையாளர்களிடம் இப்போது இந்த வழக்கைச் சொல்லும்போது நான் நிற்பது வாசற்படியில்தான். இரவல் கேட்டவர் யார் என்பதைவிடச் சாவியை வாங்க வந்த கை யாருடையது என்பதே தீர்ப்பாயத்தின் கண்ணில் முதலில் படுகிறது. வாங்க வந்தவர் சிறுவர் என்றால், "அப்பாவை வரச் சொல்லுப்பா" என்று திருப்பி அனுப்புவதற்கு உறவில் கொஞ்சம் சங்கடம் உண்டு. இந்தத் தம்பதி தவிர்க்க நினைத்ததும் அந்தச் சங்கடத்தையே. காலம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய விபத்துகளுக்கு இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது, காப்பீட்டு நிறுவனத்தின் எதிர்வாதங்கள் 149-இலிருந்து 150-ஆவது பிரிவுக்கு நகர்ந்திருக்கின்றன. ஆகவே புதிய விபத்துகளில் அறிவிப்பு முன்பைவிட விரைவாகவே உரிமையாளரின் வீட்டுக்கு வரும்.

சமரசத் தவணையில் உரிமையாளர் பங்கில் இன்னும் ஒன்றரை லட்சம் ரூபாய் மீதி இருக்கிறது. பதிவு மீண்ட பிறகு ஸ்கூட்டரை 22,000 ரூபாய்க்கு விற்று முதல் தவணையில் சேர்த்துக் கட்டினார். பெயர் மாற்றம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முடிந்த பிறகே சாவியைக் கொடுத்தார்.